"சரி, உட்காரு" என்ற பதிலுக்கு ஒரு கட்டம்: எட்டாம் வகுப்பில் ஒரு உற்றுநோக்கல்

பாலக்கோடு பக்கத்தில் ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. நான் அங்கே தமிழாசிரியை. எங்கள் பள்ளியில் சக ஆசிரியர் ஒருவர் வகுப்பை இன்னொருவர் போய்ப் பார்ப்பது என்று முடிவானபோது, ஏதோ ஒரு பயிற்சியில் கொடுத்த பாலினச் சமத்துவ செக்லிஸ்ட் கையில் இருந்தது. இருக்கை, கேள்வி கேட்பது, பாடநூல் எடுத்துக்காட்டு, வேலை பகிர்வு என்று நான்கு தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் கீழே "ஆம் / இல்லை" கட்டங்கள். "மாணவ மாணவியரிடம் சமமாகக் கேள்வி கேட்கிறாரா?" ஆம். "இருக்கை அமைப்பில் பாகுபாடு உள்ளதா?" இல்லை. இந்தத் தாளை வைத்துக்கொண்டு யார் வகுப்புக்குப் போனாலும் இதே பதில்தான் வரும். பக்கத்து மேசையில் உட்காரும் சாருக்கு "இல்லை" போட யாருக்கு மனசு வரும்? அப்படியே போட்டாலும் எதை வைத்துப் போட்டாய் என்று கேட்டால் காட்ட ஒன்றும் கையில் இருக்காது.

அதனால் ஆம்-இல்லையை எடுத்துவிட்டு எண்ணுவதாக மாற்றினோம். மாற்றிய தாள் ஒரு அறிவியல் வகுப்பில் என்ன காட்டியது, எதைக் காட்டவில்லை என்பதுதான் இந்தப் பதிவு.

அறிவியல் சார் தானாகவே "என் வகுப்புக்கு வாங்க டீச்சர்" என்றார். பாடம் விசையும் அழுத்தமும். எனக்கு இயற்பியல் அவ்வளவாகத் தெரியாது, இந்த வேலைக்கு அது நல்லதாகப் போயிற்று. பாடம் தெரிந்தவர் போய் உட்கார்ந்தால் சூத்திரம் சரியா, சோதனை சரியா என்று மனசு அங்கேயே போய்விடும், யாரைக் கேட்டார் யாரை விட்டார் என்பது கண்ணில் படாது.

முன்கூட்டியே பேசிக்கொண்டவை

எண்ணுவது என்று சொல்லிவிடலாம், எதை எண்ணுவது என்பதில்தான் சிக்கல். முதலில் நானும் கணக்கு டீச்சரும் வேறொரு வகுப்பில் பத்து நிமிடம் சேர்ந்து உட்கார்ந்து தனித்தனியாகக் கோடு போட்டுப் பார்த்தோம். எண்கள் ஒத்துவரவே இல்லை. காரணம், "புரிஞ்சுதா?", "அழுத்தம்னா என்ன சொன்னேன்?" என்று மொத்த வகுப்பையும் பார்த்துக் கேட்டு, மொத்த வகுப்பும் கோரஸாகப் பதில் சொல்கிற கேள்விகளை அவர் சேர்த்திருந்தார், நான் விட்டிருந்தேன். கோரஸ் கேள்வியில் யார் வாய் திறந்தது, யார் சும்மா உதட்டை அசைத்தது என்று கண்டுபிடிக்க முடியாது. எனவே அதைத் தனியாக ஒரு மூலையில் குறித்துவிட்டு, ஒரு பிள்ளையைக் குறிப்பாக எழுப்பியோ பெயர் சொல்லியோ கை காட்டியோ கேட்டதை மட்டும் எண்ணுவது என்று வைத்துக்கொண்டோம். யாரையும் கேட்காமலே ஒரு பிள்ளை கத்திச் சொல்லி, ஆசிரியர் அந்தப் பதிலை எடுத்துக்கொண்டால் அதுவும் கணக்கு. இந்த விதிகளுக்குப் பிறகு எங்கள் இரண்டு பேர் எண்ணும் ஓரளவு பக்கத்தில் வந்தது.

அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் வெறும் கோடு போதாது என்று மூன்று குறி சேர்த்தோம். ஒன்று, கேள்வியின் வகை: நினைவிலிருந்து சொல்லும் கேள்வியா, "ஏன், எப்படி, இப்படிச் செய்தால் என்ன ஆகும்" வகையா, அல்லது "டேய், நான் இப்ப என்ன சொன்னேன்?" மாதிரி ஆளை அடக்கக் கேட்டதா. இரண்டு, பதில் வந்ததும் ஆசிரியர் என்ன செய்தார். மூன்று, எந்தப் பிள்ளை என்பதற்கு இருக்கை எண்.

இரண்டாவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மைரா சாட்கர், டேவிட் சாட்கர் என்ற அமெரிக்கத் தம்பதியர் பள்ளி வகுப்பறைகளில் இதை நீண்ட காலம் கவனித்து 1994இல் புத்தகமாகவே எழுதினார்கள். பிள்ளையின் பதிலுக்கு ஆசிரியர் தரும் எதிர்வினையை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள்: பாராட்டுவது, திருத்தி மேலே கொண்டுபோவது, தவறு என்று கண்டிப்பது, வெறுமனே ஏற்றுக்கொண்டு நகர்ந்துவிடுவது. கடைசி வகைதான் வகுப்பில் அதிகம் நடக்கிறது. நம் ஊரில் அதற்கு "சரி, உட்காரு" என்று பெயர். கேட்க இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் பிள்ளைக்கு அதிலிருந்து ஒன்றும் கிடைக்காது. எங்கள் தாளில் அதற்கென்று தனிக் கட்டம் போட்டோம், பக்கத்திலேயே "தொடர் கேள்வி" என்று இன்னொரு கட்டம்.

எண்ண ஆரம்பிக்கும் முன் செய்ய வேண்டிய ஒரு வேலை: வருகைப் பதிவேட்டு எண்ணை விட்டுவிட்டு அன்றைக்கு வகுப்பில் இருக்கிறவர்களை எண்ணுவது. பதிவேட்டில் 43 பேர், அன்று வந்தது 38 பேர். பெண் பிள்ளைகள் 21, பையன்கள் 17. "பாதிக்குப் பாதி கேட்டார்" என்று ஒரு எண் வந்தால் இந்த வகுப்பில் அது சமம் ஆகாது.

கோடுகள் சொன்ன கதை

நாற்பது நிமிடப் பாடவேளையில் தனிப்பட்ட கேள்விகள் 26. பெண் பிள்ளைகளுக்கு 12, பையன்களுக்கு 14. வருகைப்படி பார்த்தால் பெண் பிள்ளைகளுக்கு 14 அல்லது 15 வந்திருக்க வேண்டும், இரண்டு மூன்று குறைகிறது. ஒரு பாடவேளையில் இரண்டு கேள்வி முன்னேபின்னே இருப்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. பழைய செக்லிஸ்ட்டாக இருந்தால் "ஆம், சமம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

வகை பிரித்ததும் கதை மாறியது. பையன்களின் 14இல் ஐந்து, அடக்கக் கேட்டவை. கடைசி பெஞ்சில் பேசிக்கொண்டிருந்தவனை எழுப்பி நிறுத்தக் கேட்டது, பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தவனிடம் கேட்டது, அந்த மாதிரி. அவற்றைக் கழித்தால் கற்றலுக்கான கேள்வி பெண் பிள்ளைகளுக்கு 12, பையன்களுக்கு 9. அதாவது பெண் பிள்ளைகளுக்குத்தான் அதிகம்! சார் இதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார். அடுத்த வரியைக் காட்டினேன். "ஏன், எப்படி" கேள்விகள் பையன்களுக்கு 6, பெண் பிள்ளைகளுக்கு 2. பெண் பிள்ளைகளுக்கு வந்த மீதி பத்தும் வரையறை சொல், அலகு சொல், சூத்திரம் சொல். பதில் வந்த பிறகு தொடர் கேள்வி பையன்களுக்கு 5, பெண் பிள்ளைகளுக்கு 1.

இது எப்படி நடக்கிறது என்பதற்கு அன்றைய வகுப்பிலேயே ஒரு இடம் இருக்கிறது. பரப்பு கூடினால் அழுத்தம் குறையும், அன்றாட வாழ்க்கையில் எங்கே பார்க்கிறோம் என்று சார் கேட்டார். மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்து, "சும்மாடு சார், தலையில வச்சுத்தான் குடம் தூக்குவோம்" என்றாள். சார் "சரி, உட்காரு, வேற?" என்றார். அடுத்து ஒரு பையன் "டிராக்டர் டயர் சார், அகலமா இருக்கும்" என்றான். சார் உடனே அவன் பக்கம் நகர்ந்து, "ஏன் அகலமா வைக்கிறாங்க? சைக்கிள் டயர் மாதிரி வச்சா சேத்துல என்ன ஆகும்? சரி, முன் டயர் ஏன் சின்னதா இருக்கு?" என்று மூன்று கேள்வி அடுக்கினார். பையன் திணறித் திணறி ஒரு நல்ல பதிலுக்கு வந்து சேர்ந்தான், வகுப்பும் சிரித்துக்கொண்டே கேட்டது.

சும்மாடு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு. பதினைந்து லிட்டர் தண்ணீர்க் குடம் என்றால் சுமார் 150 நியூட்டன். குடத்தின் அடி தலையில் படுகிற இடம் 25 சதுர சென்டிமீட்டர் என்று வைத்தால் அழுத்தம் 60,000 பாஸ்கல். துணியைச் சுருட்டி வைத்து அதை 100 சதுர சென்டிமீட்டர் ஆக்கினால் 15,000 பாஸ்கல், நான்கில் ஒரு பங்கு. எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை, வலி குறைகிறது. இந்தக் கணக்கைப் பிறகு போட்டுக் காட்டியவரே அந்த சார்தான். "அட, இதை வச்சே முழுப் பாடமும் நடத்தியிருக்கலாமே" என்றார். அவர் அந்தப் பெண்ணை வேண்டுமென்று ஒதுக்கவில்லை. டிராக்டர் அவருக்குத் தெரிந்த பொருள், அதைக் கேட்டதும் அடுத்த கேள்வி தானாக வாயில் வந்தது. சும்மாட்டை அவர் தலையில் வைத்ததில்லை. எடுத்துக்காட்டில் இருக்கும் சாய்வு கேள்வியின் சாய்வாக மாறுவது இப்படித்தான், இரண்டையும் தனித்தனித் தலைப்பில் போட்டால் இந்த இணைப்பு தெரியாமலே போய்விடும்.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன், என்னை அதிகம் உறுத்தியது அதுதான். பெண் பிள்ளைகளுக்கு வந்த பன்னிரண்டு கேள்வியும் ஐந்து பேருக்குத்தான் போயிருந்தன. 21 பேரில் 16 பேரிடம் அன்று ஒரு கேள்விகூடக் கேட்கப்படவில்லை. பையன்களில் ஒன்பது பேருக்குப் போனது, எட்டுப் பேர் அமைதி. "பெண்களிடம் கேட்டார்" என்பதும் "முதல் பெஞ்சுப் பெண்களிடம் கேட்டார்" என்பதும் வேறு வேறு. அந்த 16 பேரில் ஐந்து பேர் மலையடிவாரக் குக்கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருபவர்கள், தாமதமாக வருவதால் எப்போதும் கடைசி வரிசை. அந்தப் பஸ்ஸில் வரும் பையன்களும் அன்று பேசவில்லை. ஆக பெண், ஆண் என்ற இரண்டு பத்தி மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. இருக்கை எண்ணைக் குறித்ததால்தான் இது தெரிந்தது.

தாளைக் கொண்டுபோகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று, பத்து பத்து நிமிடமாகக் கோட்டைப் பிரித்துப் போடுவது. முதல் பத்து நிமிடத்தில் எட்டுக் கேள்வி, அதில் ஆறு பெண் பிள்ளைகளுக்கு. மீதி முப்பது நிமிடத்தில் பதினெட்டு, அதில் ஆறுதான் பெண் பிள்ளைகளுக்கு. நான் எதற்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று சாருக்குத் தெரியும், ஆரம்பத்தில் கவனமாக இருந்தார், பாடம் சூடு பிடித்ததும் என்னை மறந்துவிட்டார். மறந்த பிறகு நடந்ததுதான் வழக்கமான வகுப்பு. மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டும் கலந்து போயிருக்கும்.

உட்காரும் இடமும் நிற்கும் இடமும்

இருக்கை பற்றிப் பேசினாலே உடனே ஆணையும் பெண்ணையும் கலந்து உட்கார வைக்க வேண்டும் என்று போய்விடுகிறார்கள். எங்கள் பக்கம் எட்டாம் வகுப்பில் அதைத் திடீரென்று செய்தால் அடுத்த நாள் வீட்டிலிருந்து ஆள் வரும். அதைவிட முக்கியம், பிள்ளைகளே கூனிக் குறுகி உட்காருவார்கள், மாதவிடாய் நாளில் ஒரு பெண்ணுக்கு அது என்ன அவஸ்தை என்று யோசிக்க வேண்டும். குழந்தைத் திருமணம் நடந்துவிடக் கூடாது, படிப்பை நிறுத்தாமல் பிள்ளையை அனுப்புங்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பேசுகிற மாவட்டம் இது, பெற்றோரின் நம்பிக்கையை இருக்கை மாற்றி இழக்க வேண்டிய அவசியமில்லை.

நான் பார்த்தது வேறு. ஒரு வெள்ளைத்தாளில் வகுப்பறையை வரைந்துகொண்டேன்: வாசல் பக்கம் பெண் பிள்ளைகள், ஜன்னல் பக்கம் பையன்கள், மின்விசிறி ஒன்றே ஒன்று. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை சார் எங்கே நிற்கிறார் என்று ஒரு புள்ளி. நாற்பது நிமிடத்தில் இருபது புள்ளி. பையன்கள் பக்கம் 13, நடுவில் 4, பெண் பிள்ளைகள் பக்கம் 3, அதிலும் இரண்டு முதல் பத்து நிமிடத்தில். "பசங்க பக்கத்துல நிக்கலைன்னா சத்தம் போடுவானுங்க டீச்சர்" என்றார். நியாயம்தான். ஆனால் அங்கே நின்றால் கண் அங்கே போகும், கேள்வியும் அங்கே போகும், டிராக்டர் டயரும் பக்கத்திலேயே கிடைக்கும். சத்தம் போடாத பிள்ளைகள் தூரத்தில் ஒழுங்காக எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எனவே தாளில் "கலந்து உட்காருகிறார்களா" என்ற கேள்வியை எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை இரண்டு பக்கமும் இடம் மாறுகிறதா, முன் வரிசை சுழல்கிறதா, ஆசிரியர் நடக்கும் பாதை என்ன என்று மூன்றை வைத்தோம். கூடவே ஒன்று: "பேசினா பொம்பளப் பிள்ளைங்க பக்கத்துல உக்கார வச்சிடுவேன்" என்று பையனைத் தண்டிப்பது நடந்ததா? இந்த வகுப்பில் நடக்கவில்லை. எங்கள் பள்ளியிலேயே நடக்கும் வகுப்புகள் உண்டு. பெண் பக்கத்தில் உட்காருவது அவமானம் என்று ஒரு வரியில் இதைவிட நன்றாகக் கற்றுக்கொடுக்க முடியாது.

செங்கல் யார் கையில்

பாடத்தின் நடுவில் பன்னிரண்டு நிமிடம் ஒரு சோதனை. தட்டில் ஈர மணல், அதன்மேல் செங்கல்லைப் படுக்கையாக, பக்கவாட்டில், செங்குத்தாக வைத்து எவ்வளவு ஆழம் பதிகிறது என்று ஸ்கேலில் அளப்பது. பிள்ளைகளை ஆறு குழுவாகப் பிரித்தார், பெஞ்சுப்படி பிரித்ததால் மூன்று பெண்கள் குழு, மூன்று பையன்கள் குழு. ஆனால் தட்டு மூன்றுதான். ஒரு தட்டுக்கு ஒரு பெண்கள் குழுவும் ஒரு பையன்கள் குழுவும் சேர்ந்தன.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை மூன்று தட்டையும் ஒரு பார்வை பார்த்து, செங்கல்லோ ஸ்கேலோ யார் கையில் இருக்கிறது என்று குறித்தேன். ஆறு முறை, மூன்று தட்டு, 18 பார்வை. பையன் கையில் 13, பெண் கையில் 3, யார் கையிலும் இல்லாதது 2. மூன்று தட்டிலும் அளவை நோட்டில் எழுதியது பெண்கள். யாரும் அப்படிச் சொல்லவில்லை. "கையெழுத்து நல்லா இருக்கும்ல" என்பது பிள்ளைகளே சொன்ன காரணம். கடைசியில் சார் பொதுவாக "யாராச்சும் கூட்டிடுங்க" என்றார், இரண்டு பெண்கள் துடைப்பத்தை எடுத்தார்கள். செங்கல் கொண்டுவர ஆள் வேண்டும் என்றபோது அதேபோலப் பொதுவாகத்தான் சொன்னார், நான்கு பையன்கள் ஓடினார்கள்.

இங்கேதான் பழைய செக்லிஸ்ட் முழுக்கத் தோற்றது. "பாலின அடிப்படையில் வேலை ஒதுக்குகிறாரா?" இல்லை. அவர் ஒதுக்கவே இல்லை. ஒதுக்காமல் விட்டதால் வீட்டில் எப்படிப் பழகினார்களோ அப்படியே பிரிந்துகொண்டார்கள். அதனால் எங்கள் தாளில் வேலை வரிக்கு எதிரே "சொன்னார் / பொதுவாகச் சொன்னார் / தானாக நடந்தது" என்று மூன்று குறி. மூன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு வேறு. தட்டு போதாததும் ஒரு காரணம் என்பதை மறக்கக் கூடாது, ஆறு தட்டு இருந்திருந்தால் பெண்கள் குழுவில் பெண்கள்தான் செங்கல் வைத்திருப்பார்கள். பொருள் குறையும்போது யார் கை முதலில் நீள்கிறது என்பதையே நான் எண்ணியிருக்கிறேன்.

பாடநூலை வகுப்புக்கு முன்பே தனியாகப் பார்த்துவிட வேண்டும். அன்றைய பக்கங்களில் மனிதர் வரும் படம் எத்தனை, யார், என்ன செய்கிறார். பதினைந்து நிமிட வேலை. ஆனால் நூலில் உள்ளதற்கு ஆசிரியர் பொறுப்பில்லை, அந்த எண்ணை அவர் கணக்கில் எழுதக் கூடாது. அவர் வாயால் சொன்ன எடுத்துக்காட்டும், அதை யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதும்தான் அவருடையது. காய் நறுக்கும் கத்தி நல்ல எடுத்துக்காட்டு, அதில் தவறே இல்லை. அதைச் சொல்லும்போது பெண்கள் பக்கம் திரும்பி "நீங்கதான் சமைப்பீங்களே" என்றால்தான் ஒரு கோடு. அன்று அது ஒரு முறை வந்தது. கிரிக்கெட் பந்தும் லாரியும் வந்தபோது பையன்கள் பக்கம் திரும்பியது மூன்று முறை.

பேசியதும் திரும்பப் பார்த்ததும்

பேசிய விதத்துக்கு ஒரு ஒழுங்கு வைத்திருந்தோம். தாள் ஆசிரியருக்குச் சொந்தம், தலைமை ஆசிரியருக்குப் போகாது, நகல் எடுப்பதில்லை. இது இல்லாவிட்டால் அடுத்த முறை யாரும் கதவைத் திறக்க மாட்டார்கள். அதே நாளில் பேசிவிட வேண்டும், நான் எண்ணை மட்டும் சொல்வேன், காரணத்தை அவர் சொல்வார். "நீங்க பொண்ணுங்களைக் கண்டுக்கவே இல்ல சார்" என்று நான் ஆரம்பித்திருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். இருக்கை வரைபடத்தைக் கொடுத்து "கேள்வி வராத இடத்தை நீங்களே வட்டம் போடுங்க" என்றதும் அவரே போட்டார், போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டாம், மூன்று மட்டும் என்று முடிவு செய்தார். நடுவழியில் நடந்துகொண்டே நடத்துவது. ஐஸ் குச்சியில் எல்லார் பெயரும் எழுதி டப்பாவில் போட்டு எடுத்துக் கேட்பது. சோதனையில் வைப்பவர், அளப்பவர், எழுதுபவர், சொல்பவர் என்று நான்கு அட்டை, ஒவ்வொரு அளவுக்கும் அட்டை கை மாறுவது. செங்கல்லை மூன்று விதமாக வைப்பதால் மூன்று சுற்று இயல்பாகவே கிடைத்துவிடுகிறது.

அடுத்து அதே பாடத்தை 'ஆ' பிரிவில் நடத்தும்போது போய்ப் பார்த்தேன். வேறு பிள்ளைகள் என்பதால் நேரடியாக ஒப்பிட முடியாது, ஆனால் பாடமும் சோதனையும் ஒன்று. செங்கல் கணக்கு நன்றாக மாறியது: 18 பார்வையில் பெண் கையில் 8, பையன் கையில் 8, இரண்டு காலி. ஒரு தட்டில் மட்டும் ஒரு பெண் செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்தும்போது பக்கத்துப் பையன் "அப்படி இல்ல, இங்க குடு" என்று வாங்கி வைத்தான். அட்டை அவள் கழுத்தில், செங்கல் அவன் கையில். அட்டையைப் பார்த்து எண்ணினால் தப்பாகும், கையைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும்.

குச்சி சரியாக வேலை செய்யவில்லை. பெயர் வந்ததும் எழுந்த சில பெண்கள், சில பையன்களும்தான், பேசாமல் நின்றார்கள், ஒரு பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. இதுவரை கேட்கப்படாத பிள்ளையைத் திடீரென்று எழுப்பினால் அது கேள்வியாகத் தெரியாது, தண்டனையாகத்தான் தெரியும். சார் அந்த வகுப்பிலேயே மாற்றிக்கொண்டார்: கேள்வியைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவரோடு அரை நிமிடம் பேசச் சொல்லி, பிறகு குச்சி எடுத்தார். "நாங்க ரெண்டு பேரும் பேசினது என்னன்னா" என்று ஆரம்பிக்க முடிகிறபோது வாய் வருகிறது. காத்திருக்கும் நேரத்தின் பலன் இது. கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில் நீளுகிறது, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களிலேயே எழுதியிருக்கிறார். முதல் வகுப்பில் சார் காத்திருந்தது பெரும்பாலும் ஒரு நொடிதான், "வேற?" என்று அடுத்தவரிடம் போய்விடுவார்.

"ஏன், எப்படி" கேள்விகள் இந்த முறை இரு பக்கமும் ஐந்து ஐந்து. குச்சி யாருக்கு வரும் என்று தெரியாமல் கேள்வியை முதலில் சொல்வதால், ஆளைப் பார்த்துக் கேள்வியை எளிதாக்க வழியில்லை.

மாறாதது தொடர் கேள்வி. பையன்களுக்கு 5, பெண் பிள்ளைகளுக்கு 2. முதல் கேள்வியைத் திட்டமிடலாம், குச்சியில் விடலாம். தொடர் கேள்வி பதிலைக் கேட்ட அந்த நொடியில் ஆசிரியருக்குள் ஏதாவது ஆர்வம் எழுந்தால்தான் வரும், அந்த ஆர்வம் அவருக்குத் தெரிந்த உலகத்தின் பக்கமே சாய்கிறது. இதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது: பாடக்குறிப்பின் ஓரத்தில் எந்தப் பதிலுக்கும் பொருந்துகிற மூன்று தொடர் கேள்வியை எழுதி வைத்துக்கொள்வது. "எதோட அளவு மாறுச்சு, எது மாறல?" "பரப்பைப் பாதியாக்கினா?" "இதுக்கு நேர்மாறா ஒண்ணு சொல்லு." சும்மாட்டுக்கும் பொருந்தும், டயருக்கும் பொருந்தும், தக்காளிப் பெட்டிக்கும் பொருந்தும்.

இந்த எண்களை வைத்து யாரும் அந்த சாரை மதிப்பிடக் கூடாது, பள்ளியோடு பள்ளியை ஒப்பிடவும் கூடாது. ஒரு பாடவேளையின் ஆறு தொடர் கேள்வியில் ஐந்துக்கு ஒன்று என்பது தற்செயலாகவும் வரலாம். வேறு வேறு பாடத்தில் மூன்று முறையாவது பார்த்து, ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அதைச் சாய்வு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆள் நான்கு தலைப்பையும் ஒரே வகுப்பில் எண்ணுவதும் நடக்காத காரியம். சோதனை நடந்த பன்னிரண்டு நிமிடத்தில் கையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சில கேள்விகளைக் கோட்டைவிட்டிருப்பேன். இப்போது தாளை இரண்டாகப் பிரித்துவிட்டோம், கேள்விக்கும் எடுத்துக்காட்டுக்கும் ஒன்று, நிற்கும் இடத்துக்கும் வேலைக்கும் ஒன்று, ஒரு வகுப்புக்கு ஒரு தாள். அடுத்தது என் தமிழ் வகுப்பு. அறிவியல் சார் கேள்வித் தாளை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார், கோரஸ் கேள்விக்கு அவர் தனிப் பக்கமே ஒதுக்கியிருக்கிறார், செய்யுள் வகுப்பில் அது நிரம்பிவிடும் என்று அவருக்குத் தெரியும்.